எங்கள் சம்பளப் பிரிவு அக்காவுக்கு நன்றியும் ஒரு பரிந்துரையும்

செராஸில் எங்களோடு வேலை செய்த சம்பளப் பிரிவு அக்கா போன மாதம் விலகிவிட்டார். இப்போது புது வேலை தேடுகிறார். "கடும் உழைப்பாளி, நேர்மையானவர், எல்லாரோடும் ஒத்துப்போவார்" என்று நான்கு வரி எழுதலாம். ஆனால் ஆளெடுக்கிறவருக்கு அதனால் ஒன்றும் தெரியப்போவதில்லை. அவர் செய்த ஒரு வேலையை மட்டும் எடுத்துச் சொல்கிறேன். கணக்குப் பிரிவில் பக்கத்து மேசையில் உட்கார்ந்து முழுதும் பார்த்தவன் நான்.

எங்களுடையது அடுக்குமாடிகளில் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி. தொழில்நுட்பர்களின் சம்பளச் சீட்டில் அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே "ஓட்டி", அதாவது கூடுதல் நேர வேலைக்கான காசு, என்று 300 வெள்ளி வரும். ராத்திரியில் உண்மையிலேயே லிஃப்ட் பார்க்கப் போனால் அந்த மணிக்கணக்கு தனி வரியில் ஏறும். அக்கா வருவதற்குப் பல வருடம் முன்பிருந்தே இப்படித்தான். யாருக்கும் அதில் ஒன்றும் தோன்றியதில்லை.

அவருக்குத் தோன்றியதற்குக் காரணம் ஒரு பழக்கம். மாதக் கடைசியில் ஊழியர் சேமநிதியான இபிஎஃப் பட்டியலையும் சமூகப் பாதுகாப்புக் காப்புறுதியான சொக்சோ பட்டியலையும் அச்செடுத்து, அடிக்கோலை வைத்து வரி வரியாக ஒப்பிடுவார். இரண்டுக்கும் "சம்பளம்" என்பது ஒன்றல்ல. ஓட்டிப் பணம் சொக்சோ கணக்கில் சேரும், இபிஎஃப்பில் சேராது. வருடாந்தர போனஸ் அப்படியே தலைகீழ். ஆகவே போனஸ் இல்லாத மாதத்தில் ஒரு தொழில்நுட்பருக்கு இரண்டு பட்டியலிலும் இருக்கும் வித்தியாசம் அவர் செய்த ஓட்டிதான். அது ஏறி இறங்க வேண்டும், லிஃப்ட் மாதாமாதம் சொல்லிவைத்த மாதிரி நிற்காதே! ஆனால் எங்கள் ஆட்களுக்கு அந்த வித்தியாசம் 300-க்குக் கீழே போனதே இல்லை. கால் முறிந்து மாதம் முழுக்க எம்சியில் இருந்த ஒருவருக்கும் சரியாக 300.

நேராக பாஸிடம் போகாமல் முதலில் ஸ்டோருக்குப் போய் ஒரு தம்பியிடம் கேட்டார்: "இந்த முந்நூறு எதுக்குப்பா?" அவன், "ராத்திரி ஃபோன் கையில வச்சிருக்கிறதுக்குக்கா. அடிச்சாலும் கிடைக்கும், அடிக்காட்டியும் கிடைக்கும்" என்றான்.

விஷயம் அவ்வளவுதான். மணிக்கணக்கே இல்லாமல் நிலையாக வரும் பணம் ஓட்டி ஆகாது, அது ஒரு படி. படி என்றால் இபிஎஃப் பிடிக்க வேண்டும். பழைய மென்பொருளில் எவரோ அதை ஓட்டிக்கு உரிய குறியீட்டில் போட்டுவிட்டார், அதுவே நின்றுவிட்டது.

பாஸிடம் அவர் கொண்டுபோனது ஒரே ஒரு தாள், ஒரே ஒரு ஆளின் கணக்கு. அடிப்படைச் சம்பளம் 2,400 வெள்ளி. அதற்கு முதலாளி பங்கு 13 சதவீதம் 312, தொழிலாளி பங்கு 11 சதவீதம் 264. முந்நூறைச் சேர்த்தால் 2,700. அதற்கு 351, 297. ஆக மாதம் 72 வெள்ளி, வருடத்துக்கு 864 வெள்ளி அந்த ஆளின் சேமநிதிக்குப் போகாமல் இருந்திருக்கிறது.

தாளின் கீழ்ப்பாதியில் இருந்ததுதான் பாஸை நிமிர வைத்தது. அந்த 300 சம்பளத்தில் சேரும் படி என்றால் உண்மையான ஓட்டியின் விலையும் ஏறும். மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்தால் ஒரு நாள் கூலி, அதை 8-ஆல் வகுத்தால் ஒரு மணி, சாதாரண நாள் ஓட்டிக்கு அதில் ஒன்றரை மடங்கு. 2,400-க்கு அது 17.31 வெள்ளி. 2,700-க்கு 19.47. மணிக்கு 2 வெள்ளி 16 சென் குறைவாகக் கொடுத்து வந்திருக்கிறோம். இபிஎஃப்பை மட்டும் சொல்லிவிட்டு இதை அவர் விட்டிருக்கலாம். அன்றைக்கு யாரும் அவரிடம் ஓட்டி விலையைப் பற்றிக் கேட்கவில்லை.

பாஸ் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "பயணப் படின்னு பேரை மாத்திட்டா முடிஞ்சுதுல்ல?" என்றார். கேள்வியில் விவரம் இருந்தது, பயணப் படிக்கும் இபிஎஃப் கிடையாது. அக்கா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "யாரும் எங்கேயும் போகலையே சார். ஃபோன் அவங்க வீட்டுலதான இருக்கு." அவரிடம் நான் கற்றுக்கொண்டது இதைத்தான். வரியின் பெயர் என்ன என்று அவர் பார்ப்பதில்லை, எதற்காகக் கொடுத்த காசு என்று பார்ப்பார். பாஸ் சிரித்துவிட்டார். பாக்கியைக் கட்டவும் ஒப்புக்கொண்டார். தொழிலாளி பங்கின் பாக்கியையும் கம்பெனியே ஏற்க வேண்டும் என்று அக்கா வாதாடி வாங்கியதை இங்கே பதிவு செய்ய வேண்டும்.

பாக்கி போடுவது சலிப்பான வேலை. சம்பளம் மாறிய மாதமெல்லாம் தனித்தனியாகப் போட வேண்டும். எக்செல்லில் 13 சதவீதம் என்று சூத்திரம் எழுதி இழுத்துவிட்டாலும் சரியாக வராது. இபிஎஃப் அட்டவணை 5,000 வெள்ளி வரை இருபது இருபது வெள்ளிக் கட்டங்களாகப் போகும், கட்டத்தின் மேல் எல்லைக்குத்தான் கணக்கு, சென் வந்தால் அடுத்த வெள்ளி. 2,710 வெள்ளிக்கு நேர்ச் சதவீதம் போட்டால் முதலாளி பங்கு 352.30. அட்டவணையிலோ அது 2,720-இல் முடியும் கட்டம், எனவே 354. அக்கா அட்டவணையையே தாளில் ஏற்றி, அதிலிருந்து எண்ணைத் தேடி எடுக்கும்படி செய்தார். தாமதக் கட்டணமும் இலாப ஈவும் தனியே வந்தன, அதையும் கம்பெனி கட்டியது.

இதில் எல்லாருக்கும் சந்தோஷம் என்று சொல்ல மாட்டேன். அடுத்த மாதம் கையில் வரும் சம்பளத்தில் 33 வெள்ளி குறைந்ததும் ஸ்டோரில் முணுமுணுப்பு கிளம்பியது. அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கேயே போய் உட்கார்ந்து, ஒவ்வொருவரின் இபிஎஃப் கணக்கையும் அவரவர் கைப்பேசியில் திறக்கச் சொல்லி, முதலாளி பங்கு ஏறியிருப்பதைக் காட்டினார். இரண்டு பேர் கடைசிவரை சமாதானம் ஆகவில்லை. அவர் அதை மனதில் வைத்துக்கொள்ளவுமில்லை.

பழைய சம்பளச் சீட்டுகளைப் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தி வைத்திருந்த மூத்த தொழில்நுட்பருக்கும், ராத்திரி அழைப்புப் புத்தகத்தைக் கொடுத்து உதவிய சேவைப் பிரிவுக்கும் இங்கேயே நன்றி. அவை இல்லாவிட்டால் எது படி, எது உண்மை ஓட்டி என்று பிரித்திருக்க முடியாது.

ஆளெடுப்பவர்களுக்கு ஒளிக்காமல் இன்னும் கொஞ்சம். வெளிநாட்டு அதிகாரிகளின் வருமானவரிச் சிக்கல் என்றால் "எனக்குத் தெரியாது, வரி முகவரைக் கேளுங்க" என்று சொல்லிவிடுவார். புது மென்பொருள் வந்தால் முதல் இரண்டு மாதம் பழையதையும் கூடவே ஓட்டிப் பார்ப்பார், அந்த இரண்டு மாதமும் வேலை மெதுவாகத்தான் நகரும். மின்னஞ்சல்கள் நீளமாக இருக்கும். ஐம்பது அறுபது பேர் ஷிஃப்ட்டிலும் களத்திலும் இருக்கிற, படிகள் பலவகையாக இருக்கிற இடத்துக்கு அவர் பொருத்தமானவர். எல்லாருக்கும் ஒரே நிலைச் சம்பளம் உள்ள சின்ன அலுவலகத்தில் அவருக்குப் பாதி வேலைதான் இருக்கும்.

எடுத்துக்கொண்டால் ஒரே ஒரு ஏற்பாடு செய்து வையுங்கள். இபிஎஃப் கட்ட அடுத்த மாதம் 15-ஆம் தேதிவரை நேரம் இருந்தாலும் அவர் 10-ஆம் தேதியே தாளை நீட்டுவார். கையெழுத்துப் போட வேண்டியவர் அன்றைக்கு அலுவலகத்தில் இருக்கட்டும்.