காப்புறுதி நிறுவனம் பதில் தராவிட்டால்

ஆசிரியருக்கு,

நிறுவனத்துக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்கை விசாரிக்கும் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் முறையிடுவது பற்றித் தமிழில் பரவும் காணொளிகளில் அநேகமானவை இந்தியாவைப் பற்றியவை. எழுத்தில் முறையிட்டு ஒரு மாதத்தில் நிறுவனம் பதில் தராவிட்டால், அதன் பிறகு ஓராண்டுக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகலாம் என்பது அங்குள்ள 2017ஆம் ஆண்டு விதி. மட்டக்களப்பிலிருந்து எழுதும் கடிதத்தில் அதைக் காட்டிப் பயனில்லை. இங்குள்ள ஒம்புட்ஸ்மன் திட்டம் காப்புறுதி நிறுவனங்கள் தாமே சேர்ந்து அமைத்தது. சட்டப்படியான ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு வேறு. அது 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது.

ஆனால் இரு நாட்டிலும் முதற்படி ஒன்றே: நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டிருக்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான். கல்முனைக் கிளைக்குப் பத்துத் தரம் போனாலும், ஏஜென்டுக்குத் தொலைபேசியில் சொன்னாலும், அதைக் காட்ட ஒரு தாள் இராது.

ஓர் உதாரணம். விபத்தில் சேதமான முச்சக்கரவண்டிக்கு கராஜின் மதிப்பீடு 1,85,000 ரூபா. நிறுவனம் தர முன்வந்தது 1,10,000. கொழும்புத் தலைமை அலுவலகத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். பத்திர இலக்கம், கோரிக்கை இலக்கம், 75,000 ரூபா ஏன் குறைந்தது என்ற கேள்வி, பதில் எதிர்பார்க்கும் திகதி ஆகியவை இருந்தால் போதும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தபாற்கந்தோர் பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியுடன் சேர்த்துக் குத்தி வையுங்கள். திகதி கடந்தும் பதில் வராவிட்டால், நிறுவனம் பாராமுகமாக இருந்ததற்குச் சாட்சி அந்தச் சீட்டுத்தான்.

ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பும்போது இவ்விரண்டுடன் காப்புறுதிப் பத்திரம், கோரிக்கைப் படிவம், கராஜ் மதிப்பீடு, பொலிஸ் முறைப்பாடு, நிறுவனம் அனுப்பிய கடிதங்கள் ஆகியவற்றின் பிரதிகளைத் திகதி வரிசையில் இணையுங்கள். மூலப்பிரதியைக் கைவிட வேண்டாம். வண்டியில் வைத்திருக்கும் சான்றிதழைப் பலர் பத்திரம் என்று நினைத்து அனுப்புகிறார்கள். நிபந்தனைகள் அதில் இல்லை. முழுப் பத்திரமும் தேவை.

இன்னொரு பொறி, காசோலையோடு வரும் விடுவிப்புப் படிவம். "முழுமையான, இறுதியான தீர்வு" என்ற வரியின் கீழ் கையொப்பம் விழுந்தால், மீதி 75,000 ரூபாவைக் கேட்பது மிகக் கடினம். குறைந்த தொகைக்கு இணங்காவிட்டால் கையொப்பமிடுமுன்பே எழுத்தில் ஆட்சேபியுங்கள்.

நீதிமன்றக் கெடுவையும் கணக்கில் வைக்க வேண்டும். எழுத்து ஒப்பந்தம் மீறப்பட்டால் வழக்குத் தொடர, காலவிதிப்புச் சட்டப்படி பொதுவாக ஆறு ஆண்டு உண்டு. ஒம்புட்ஸ்மனிடம் கடிதம் கிடக்கிறது என்பதற்காக அந்தக் கடிகாரம் நிற்காது. சில பத்திரங்களின் நிபந்தனைகளில் இதைவிடக் குறுகிய கெடு இருக்கும். நிறுவனம் மறுத்ததும் முதலில் அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள்.

ஒரு வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.