வலது ஓரத்தில் அம்மா: அண்ணாவுக்கு ஒரு கடிதம்

அண்ணா,

வரும் வியாழக்கிழமையோடு அம்மா போய் ஒரு வருஷம். நீ எடுத்த போட்டோவை வைத்து நாட்டார் பாணியில் தட்டையாக நான் வரைந்த அந்தத் திருவிழாத் தெரு ஓவியத்தை அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். நீ மாற்றச் சொன்ன இடத்தை மாற்றவில்லை. போனில் சொன்னால் பேச்சு வேறெங்கோ போய்விடும், அதனால்தான் எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் சிலரும் இதைப் படிப்பார்கள். அன்று வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. படத்தைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"இதுக்கு ஒரு ஃபில்டர் போட்டிருந்தா போதுமே" என்று சொன்னாய். அது எனக்கு எவ்வளவு வலித்தது என்று உனக்குத் தெரியாது. ஃபில்டரை நானும் போட்டுப் பார்த்தேன். நிறங்களை ஆறேழாகக் குறைக்கிற போஸ்டரைஸ் ஃபில்டர் அது. அதற்கு மனிதர்கள் தெரியாது, வெளிச்சம்தான் தெரியும். மேளக்காரரின் சட்டை ஒரே சிவப்பு. ஆனால் உன் போட்டோவில் வெயில் பட்ட தோள் ஆரஞ்சாகவும் நிழலில் இருந்த இடுப்பு கருஞ்சிவப்பாகவும் இருந்தன. ஃபில்டர் அதை இரண்டு துண்டாக்கிவிட்டது. அந்தக் கருஞ்சிவப்பும் பின்னால் நின்றவரின் தலைமுடியும் ஒரே நிறமாகி, ஒரு பெரிய கறையாக ஒட்டிக்கொண்டன. முகங்களும் அப்படித்தான், பாதி வெள்ளை, பாதி பழுப்பு. நிறம் குறைந்ததே தவிரப் படம் தட்டையாகவில்லை. நிழல் இருக்கிற வரை அது போட்டோதான்.

அதனால் முதலில் வெளிச்சத்தை எடுத்தேன். அதுதான் உனக்குப் பொறுக்கவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த மாலை வெயிலுக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாய்! ஒவ்வொரு துணியிலும் வெயில் பட்ட இடத்தையும் விட்டு, நிழலையும் விட்டு, நடுவில் இருக்கிற நிறத்தை எடுத்துக் கொஞ்சம் அடர்த்தி கூட்டினேன். அப்புறம் அந்தத் துணி முழுக்க அதே ஒரு நிறம்தான். மொத்தம் ஆறு நிறங்கள், அவற்றோடு கோட்டுக்கு ஒரு கரும்பழுப்பு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கிற பகுதிகள் ஒரே நிறமாக இல்லாமல் எந்த வரைபடத்துக்கும் வண்ணம் பூச நான்கு நிறங்களே போதும் என்று 1976-இல் கணிதக்காரர்கள் நிரூபித்தார்கள். கூட்டத்தில் அது அப்படியே செல்லாது. ஒரு கை குறுக்கே வந்தால் சட்டை இரண்டு துண்டாகும், இரண்டு துண்டுக்கும் அதே நிறம் வேண்டும். அதனால்தான் ஆறு. பூசி முடித்ததும் முழுப் படத்தையும் கருப்பு வெள்ளையாக்கிப் பார்த்தேன். சிவப்புச் சட்டையும் பக்கத்தில் இருந்த பச்சைப் பாவாடையும் ஒரே சாம்பலாகிவிட்டன. நிறம் வேறாக இருந்தாலும் அழுத்தம் ஒன்றாக இருந்தால் தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டு பேரும் ஒரே ஆளாகத்தான் தெரிவார்கள். பச்சையை வெளிறச் செய்தேன்.

ஆனால் நம் சண்டை நிறத்தைப் பற்றியதே இல்லை. ஆட்களை நகர்த்தியதைப் பற்றியது.

நீ கூட்டத்துக்குள் நின்று, கண் மட்டத்தில் எடுத்தாய். முன்னால் நிற்கிறவரின் தலை ஏறக்குறைய 900 பிக்சல் உயரம். தெருக்கோடியில் நிற்கிறவரின் தலை 25 பிக்சல். அதை அப்படியே கோடு போட்டு வரைந்தால் முன்வரிசை முதுகுகள்தான் ஓவியம், மற்றவர்கள் புள்ளிகள். மரபு ஓவியர்கள் கூட்டத்தை வரையும்போது தெருவையே நிமிர்த்திவிடுவார்கள். தரை மேல்நோக்கி எழும். தூரத்தில் இருப்பவர் சிறியவராக மாட்டார், மேலே போவார். நாட்டார் ஓவியர் அல்லாத, ஐரோப்பியரான பீட்டர் புரூகல்கூட 1560-இல் விளையாடும் குழந்தைகள் இருநூறுக்கு மேற்பட்டவர்களை ஒரே பலகையில் வரைந்தபோது, உயரத்திலிருந்து பார்ப்பதுபோல் தரையை மேலே தூக்கித்தான் எல்லோருக்கும் இடம் கண்டார்.

நானும் 42 சென்டிமீட்டர் உயரத் தாளை ஐந்து வரிசையாகப் பிரித்தேன். கீழ்வரிசையில் ஆள் உயரம் 11 சென்டிமீட்டர், மேல்வரிசையில் 8. அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் ஆறரை சென்டிமீட்டர் ஏற்றம். பின்வரிசை ஆட்கள் முன்வரிசை ஆட்களின் இடைவெளியில் நிற்பார்கள். காலையும் பாவாடை ஓரத்தையும் மறைக்கலாம், முகத்தையும் கையையும் மறைக்கக் கூடாது. இப்படி வைத்தால் 47 பேருக்குத்தான் இடம் இருந்தது. உன் போட்டோவில் அதைப் போல மூன்று மடங்கு பேர். யாரை வைப்பது என்று பார்த்தபோது, ஏதாவது செய்துகொண்டிருந்தவர்களை வைத்தேன்: மேளம் அடிப்பவர், கொடி பிடிப்பவர், பலூன் விற்பவர், அப்பாவின் தோளில் உட்கார்ந்த பெண் குழந்தை. சும்மா நின்றவர்கள் போய்விட்டார்கள்.

மேல்வரிசை ஆட்களை வரைந்த பிறகு சுருக்கி வைக்கக் கூடாது என்பதும் இதில்தான் புரிந்தது. சுருக்கினால் கோடும் மெலிகிறது. கோடு மெலிந்தால் அவர்கள் தூரத்துக்குப் போய்விடுகிறார்கள், தெரு மறுபடி படுத்துக்கொள்கிறது. அந்த அளவிலேயே, அதே தடிமன் கோட்டில் புதிதாக வரைய வேண்டும்.

இதையெல்லாம் அன்று உனக்கு நிதானமாகச் சொல்லத்தான் திரையைத் திருப்பி வைத்தேன். நீ மேளக்காரரைப் பார்க்கவில்லை, பலூன்காரரைப் பார்க்கவில்லை. நேராக வலது ஓரத்தில் விரலை வைத்தாய். நகம் திரையில் பட்ட சத்தம்கூட நினைவிருக்கிறது. "அம்மா என்னைப் பாத்துட்டு இருந்தா. நீ ஏன் திருப்பின?" என்று கேட்டாய்.

நான் அப்போது பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உன் போட்டோவில் அம்மா பாதிதான் இருக்கிறாள். ஒரு தோள், ஒரு கை, முக்கால் முகம். மீதி ஃபிரேமுக்கு வெளியே. போட்டோவில் ஆள் அறுபடலாம், தப்பில்லை, உலகம் வெளியேயும் தொடர்கிறது என்று கண் எடுத்துக்கொள்ளும். ஆனால் நான்கு பக்கமும் பட்டையாகக் கரை கட்டிய தட்டை ஓவியத்தில் பாதி ஆள் நிற்க முடியாது. அங்கே வெட்டினால் வெட்டினதாகவே தெரியும். ஒன்று முழு ஆளாக உள்ளே கொண்டுவர வேண்டும், இல்லை எடுத்துவிட வேண்டும். எடுத்துவிடச் சொல்லியிருப்பாயா?

முகத்தைத் திருப்பியதற்குக் காரணம் இது. உன் போட்டோவில் பெரும்பாலானவர்கள் மேளத்தைப் பார்த்துக்கொண்டு உனக்கு முதுகு காட்டி நிற்கிறார்கள். தட்டை ஓவியத்தில் பின்னந்தலை என்பது வெறும் கருப்பு வட்டம், அதில் ஆளே இல்லை. அதனால் எல்லோரையும் பக்கவாட்டில் திருப்பினேன். மூக்கு தெரியும், வாய் தெரியும், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பது தெரியும். கண்ணை மட்டும் நேரில் பார்ப்பது போல முழுதாக வரைந்தேன். பழைய எகிப்தியச் சுவர்களிலும் பீகாரின் மதுபனி ஓவியங்களிலும் இருக்கிற அதே முறைதான். இப்படி 46 பேர் பக்கவாட்டில் நிற்கும்போது ஒரே ஒரு முகம் மட்டும் நேராக நம்மைப் பார்த்தால் என்ன ஆகும் என்று வரைந்து பார்த்தேன், அண்ணா. உனக்காகவே வரைந்தேன். பார்க்கிறவர் கண் வலது ஓரத்தை விட்டு நகராது. மேளம் நின்றுவிடுகிறது. தெருவே அம்மாவுக்குப் பின்னால் தொங்குகிற திரையாகிவிடுகிறது. திருவிழா போய்விடுகிறது.

அம்மாவுக்கும் அந்த முழுக்கண் இருக்கிறது, அது உன்னைப் பார்ப்பதாக வைத்துக்கொள்ளேன் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் அந்தக் கண் 47 பேருக்கும் இருக்கிறது. அதைச் சொல்லி உன்னைச் சமாதானப்படுத்த எனக்கு மனசு வரவில்லை.

இன்னொன்றும் உண்டு. நீ கூப்பிட்டாய், அவள் திரும்பினாள். நீ எப்போது கூப்பிட்டாலும் அவள் திரும்புவாள். நானும் அவள் பக்கத்தில்தான் நின்றிருந்தேன், ஃபிரேமுக்கு வெளியே. இதற்கு மேல் இங்கே எழுத வேண்டாம். உனக்குப் புரியும்.

உனக்கு வலித்தது எனக்கு உண்மையிலேயே வருத்தம். உன் படத்தை எடுத்து உன் அம்மாவை வேறு பக்கம் பார்க்க வைத்தது யாருக்கும் வலிக்கும். மன்னித்துக்கொள் என்று கேட்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எழுத எழுத, நான் செய்தது சரி என்றுதான் தோன்றுகிறது.

அம்மா உடுத்தியிருந்த அந்தக் கட்டம் போட்ட துணி இருக்கிறதே, அதற்காக நீயாவது என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போட்டோவில் கட்டங்கள் தோளில் வளைந்து, முழங்கையில் நெருங்கி, இடுப்பில் சரிந்து போகின்றன. அவள் ஒரு காலில் பாரம் போட்டு நிற்பது அந்தச் சரிவில்தான் தெரிகிறது. அந்த வளைவை வைத்துக்கொண்டால் உடம்புக்குத் திரட்சி வந்துவிடும், அவள் மட்டும் தாளிலிருந்து புடைத்து நிற்பாள். அதனால் வெளிக்கோட்டுக்குள் கட்டங்களை நேராக, ஸ்கேல் வைத்தது போல, உடம்பைக் கண்டுகொள்ளாமல் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கோடாக நிமிர்த்தினேன். அவள் நின்ற விதம் என் கைப்பட மறைந்தது. வெளிக்கோட்டில் மட்டும் இடது இடுப்பைச் சற்று வெளியே தள்ளி வைத்தேன். மற்ற 46 பேரின் இடுப்பும் நேராகத்தான் இருக்கிறது. நீ அதைக் கவனிக்கவே இல்லை.

மறைந்திருந்த அந்த இன்னொரு கை நான் ஊகித்ததுதான். ஒரு பலூன் நூலைப் பிடித்திருப்பதாக வரைந்தேன். தட்டை ஓவியத்தில் சும்மா தொங்குகிற கை செத்துப்போகும், ஏதாவது பிடித்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஊகிக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நீ தொடர்ச்சியாக நாலைந்து ஃபிரேம் எடுப்பாய், அது எனக்குத் தெரியும். அடுத்த ஃபிரேமில் கேமரா வலப்பக்கம் திரும்பியிருக்கும். அம்மா முழுதாக இருப்பாள். கேட்டேன். "தேடணும்" என்றாய். ஒரு வருஷமாகத் தேடுகிறாய்.

அச்சகத்தில் வெள்ளிக்கிழமை வரை கோப்பை மாற்றிக் கொடுக்கலாம் என்றார்கள். அம்மாவைத் தனி லேயரில்தான் வைத்திருக்கிறேன், கையைத் தனியாக எடுத்து மாற்ற அரை மணி நேரம் ஆகும். அந்த ஃபிரேமை அனுப்பு. சிறியதாக்காமல் அசல் கோப்பையே அனுப்பு, விரல்கள் தெரிய வேண்டும். கையில் எது இருந்ததோ அதை வரைகிறேன். முகத்தைத் திருப்பச் சொல்லி மட்டும் மறுபடி கேட்காதே.