அடுத்த ஆண்டு பட்ஜெட்: எந்தச் செலவு எதற்காக

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 1 அன்று தொடங்கும் கல்வியாண்டுக்கான பட்ஜெட்டை நிர்வாகக் குழு போன வாரம் ஒப்புக்கொண்டது. ஆண்டு விழா இந்த முறை மண்டபத்தில் இல்லை, ஆண்டு மலர் அச்சாகாது என்ற செய்தி அதற்குள் உங்களில் பலருக்கு எட்டிவிட்டது. பள்ளிக்குப் பணக் கஷ்டமா என்று காலையில் பிள்ளைகளை விட வந்தவர்களில் சிலர் கேட்டார்கள். அப்படி ஒன்றும் இல்லை. டிசம்பரிலிருந்து பட்ஜெட்டை ஒவ்வொரு வரியாகப் பார்த்து, நாம் முக்கியம் என்று சொன்ன வேலைக்கு உதவாத செலவுகளை எடுத்திருக்கிறோம். எப்படிப் பார்த்தோம், எதை ஏன் எடுத்தோம் என்பதை உங்களுக்கு முழுதாகச் சொல்லிவிட விரும்புகிறேன்.

பள்ளியின் மூன்றாண்டுத் திட்டத்தில் மூன்று முன்னுரிமைகள் இருக்கின்றன. மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு குழந்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் வகுப்புக்குரிய ஒரு பத்தியைத் துணையில்லாமல் வாசிக்க வேண்டும். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நிபுன் பாரத் திட்டமும் 2026-27-க்குள் மூன்றாம் வகுப்புக்குள் வாசிப்பையும் அடிப்படைக் கணக்கையும்தான் கேட்கிறது. நம் பிள்ளைகள் விளையாடும்போது பேசுவது இந்தி என்பதால் தமிழையும் நாம் சேர்த்தே வைத்தோம். இரண்டாவது, ஒன்பது, பத்தாம் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் அறிவியல் சோதனையைத் தன் கையால் செய்ய வேண்டும். மூன்றாவது, அப்பா அம்மாவுக்கு மாற்றலாகி வருடத்தின் நடுவில் தமிழ்நாட்டிலிருந்து தில்லிக்கு வந்து சேரும் பிள்ளை ஒரு வருடத்துக்குள் இந்திப் பாடத்தைத் தன் வகுப்போடு படிக்க வேண்டும்.

முதல் சுற்றில் துறை ஒவ்வொன்றையும் தன் செலவுத் தலைப்புகளுக்கு எதிரே எந்த முன்னுரிமைக்காக என்று எழுதித் தரச் சொன்னோம். வந்த தாளில் காலியான கட்டம் ஒன்றுகூட இல்லை. பொன்னாடை வாங்குவதும் வாசிப்புக்காம், வாசலில் வண்ண விளக்கு போடுவதும் வாசிப்புக்காம். யாரும் ஏமாற்றவில்லை. அப்போது திட்டத்தில் ‘மாணவரின் முழு வளர்ச்சி’ என்று நான்காவதாக ஒரு முன்னுரிமையும் இருந்தது. அதன் கீழ் எதை வேண்டுமானாலும் வைக்கலாம். எல்லாச் செலவும் பொருந்துகிறது என்று ஒரு சரிபார்ப்பு சொன்னால், செலவைவிட முன்னுரிமையின் வாசகத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். அந்த நான்காவதை எடுத்தோம். மற்ற மூன்றையும், நிறைவேறியதா இல்லையா என்று ஒரு வெளியாள் வந்து பார்த்தாலும் சொல்லக்கூடியபடி திருத்தி எழுதினோம். மேலே நீங்கள் படித்தது அந்தத் திருத்திய வடிவம்.

இரண்டாம் சுற்றில் கேள்விகளும் மாறின. இந்தப் பணத்தில் சரியாக என்ன வாங்குகிறோம்? அது எந்தப் பிள்ளையின் கைக்குப் போகிறது? இந்த வரியைப் பூஜ்யமாக்கினால் மூன்று முன்னுரிமைகளில் எது, எப்போது பாதிக்கப்படும்? கடைசிக் கேள்விதான் நிறையத் தலைப்புகளை நிறுத்தியது. இரண்டு மூன்று ‘அதனால்’ போட்டு இழுத்து வந்தால்தான் முன்னுரிமையைத் தொட முடிகிறது என்றால், அந்தத் தொடர்பை நாங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

இந்தக் கேள்விகளை எல்லாவற்றுக்கும் போடவும் கூடாது. குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் பராமரிப்பு, கழிப்பறைத் துப்புரவு, தீயணைப்புக் கருவி, தணிக்கைக் கட்டணம் இவை எந்த முன்னுரிமையோடும் ஒட்டாது. அதற்காக எடுத்துவிட முடியுமா? சம்பளமும் அப்படித்தான். தில்லி பள்ளிக் கல்வி விதிகள் 1973-இன் 177-ஆம் விதிப்படி, உதவி பெறாத பள்ளியின் கட்டண வருமானம் முதலில் ஊழியர்களின் சம்பளத்துக்கும் படிகளுக்கும்தான் போக வேண்டும். இவற்றையெல்லாம் அடிப்படைச் செலவு என்று தனியே வைத்து, தொகை சரியா என்று மட்டும் பார்த்தோம். ஆனால் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், மற்ற செலவுகளும் அங்கே நகரத் தொடங்கின. அதனால் ஒரு கட்டுப்பாடு வைத்தோம்: சட்டம் கேட்க வேண்டும், அல்லது பாதுகாப்புக்கு வேண்டும், அல்லது அது இல்லாமல் திங்கட்கிழமை காலை பள்ளியைத் திறக்க முடியாது என்ற நிலை வேண்டும். அச்சடித்த அழைப்பிதழ் இதில் எதிலும் சேராது.

இனி ஆண்டு விழா. பட்ஜெட்டில் அது ‘ஆண்டு விழா, 5,10,000 ரூபாய்’ என்று ஒரே வரியாக இருந்தது. ஒரே வரியாக இருக்கும்வரை அதைப் பற்றி வேண்டும், வேண்டாம் என்றுதான் பேச முடியும். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது, எனக்கும்தான். பிரித்து எழுதியபோது இப்படி வந்தது: மண்டப வாடகை 1,60,000, ஒலி ஒளி 1,10,000, உடை வாடகை 90,000, வெளியிலிருந்து வரும் நடன ஆசிரியர் 70,000, பொன்னாடையும் நினைவுப் பரிசும் 45,000, அழைப்பிதழ் 35,000. சின்னக் குழந்தை ஒன்று மேடையேறி, பயப்படாமல் பத்து வரி தமிழ் சொல்வதுதான் நம் முதல் முன்னுரிமைக்கு உதவும் பகுதி. அதற்கு ஒரு மேடையும் மைக்கும் நிழலும் போதும். பிப்ரவரிக் கடைசியில் தில்லிக் குளிர் தணிந்துவிடும் என்பதால் விழாவைப் பகலில், நம் மைதானத்திலேயே வைத்துக்கொள்கிறோம். பந்தலும் மேடையும் 70,000, ஒலிபெருக்கி 60,000, ஆக 1,30,000. மீதி 3,80,000 விடுபடுகிறது.

உடை விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பட்ஜெட்டிலிருந்து எடுத்த செலவை ஒரு சுற்றறிக்கை அனுப்பி உங்களிடமே வாங்கினால் அது குறைப்பே அல்ல, பாரம் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஆகவே உடைக்கென்று பணம் கேட்டு எந்த நோட்டீஸும் வராது. வீட்டில் இருக்கும் பாவாடை, வேட்டி, சட்டையோடு பிள்ளைகள் வரட்டும். நிகழ்ச்சிகளையும் அதற்கேற்பத்தான் தேர்ந்தெடுப்போம்.

ஸ்மார்ட் கிளாஸ் மென்பொருளை முடிவு செய்வது இதைவிடச் சிரமமாக இருந்தது. 22 வகுப்பறைகள், அறைக்கு 12,000 வீதம் ஆண்டுக்கு 2,64,000 கட்டி வந்தோம். கேட்டால் எல்லோருமே பயனுள்ளது என்றார்கள். எந்த அறையில் எந்தத் தேதியில் பாடம் திறக்கப்பட்டது என்ற பதிவு அந்த மென்பொருளிலேயே இருக்கிறது. அதை மாதவாரியாக எடுத்துப் பார்த்தபோது, வாரம் ஒருமுறையாவது திறக்கப்பட்டது ஆறு அறைகளில்தான். அவற்றிலும் நான்கில் ஓடியது, பாடப்புத்தகத்தில் இருக்கும் அதே படங்கள். ஆய்வகத்தை ஒட்டிய இரண்டு அறைகளில் மட்டும், பிள்ளைகள் சோதனை செய்யப் போவதற்கு முன் செய்முறையைக் காட்ட ஆசிரியர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அது இரண்டாவது முன்னுரிமைக்கு நேராக உதவுகிறது. அந்த இரண்டு அறைகளுக்கு 24,000 கொடுத்துவிட்டு, மற்ற 20 அறைகளின் உரிமத்தை நிறுத்திவிட்டோம். ப்ரொஜெக்டர்கள் நம்முடையவை, அவை அங்கேயே இருக்கும். இதில் மிச்சம் 2,40,000.

இப்படிப்பட்ட ஒப்பந்தங்களில் தேதி முக்கியம். மார்ச் 31-க்கு 60 நாள் முன்னதாக எழுதிக் கொடுக்காவிட்டால் தானாகவே அடுத்த வருடத்துக்குப் புதுப்பிக்கப்படும் என்று அதில் ஒரு விதி இருந்தது. ஜனவரி முடிவதற்குள் கடிதம் போயிருக்க வேண்டும். பட்ஜெட்டை மார்ச்சில் உட்கார்ந்து பார்த்திருந்தால், வேண்டாம் என்று தெரிந்தும் இன்னொரு வருடம் கட்டியிருப்போம். டிசம்பரிலேயே தொடங்கியதற்கு இதுதான் காரணம்.

ஆண்டு மலருக்கு 80,000. இதை எடுக்க எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கடைசி இதழைப் புரட்டினால் பாதிக்கு மேல் வாழ்த்துச் செய்திகளும் விழாப் படங்களும். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியது நான்கு பக்கம்கூட இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வகுப்பும் மாதம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை செய்யட்டும் என்று தமிழாசிரியர்கள் சொன்னார்கள். அதற்குச் செலவு காகிதமும் ஸ்கெட்ச் பேனாவும்தான்.

ஆக 7,00,000 ரூபாய் விடுபட்டது. ஒவ்வொரு செலவுக்கும் முன்னுரிமையைத் தேடிய பிறகு, ஒவ்வொரு முன்னுரிமைக்கும் செலவு இருக்கிறதா என்று திருப்பியும் பார்த்தோம். அங்கேதான் பெரிய ஓட்டை தெரிந்தது. மாற்றலாகி வரும் பிள்ளைகளின் இந்திக்கு பட்ஜெட்டில் ஒரு ரூபாய்கூட இல்லை. திட்டத்தில் எழுதியிருந்தோம், அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. மதுரையிலிருந்தோ நெய்வேலியிலிருந்தோ ஆகஸ்டில் வந்து ஆறாம் வகுப்பில் உட்காரும் பிள்ளைக்கு இந்தி எழுத்தே தெரியாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டிருக்கும். அடுத்த ஆண்டு இவர்களுக்கென்று ஒரு பகுதிநேர இந்தி ஆசிரியரை மாதம் 25,000-க்கு, பத்து மாதத்துக்கு அமர்த்துகிறோம். முதல் மூன்று வகுப்புகளின் ஆறு பிரிவுகளுக்கும் தரவாரியான தமிழ் வாசிப்புப் புத்தகங்கள் 90,000-க்கு வாங்குகிறோம். ஆய்வகப் பொருட்களுக்கு 1,60,000 கூட்டியிருக்கிறோம். இதுவரை எட்டுப் பேர் ஒரு மேசையைச் சுற்றி நின்றார்கள், அவர்களில் சோதனை செய்தது இரண்டு பேர். இனி மூன்று பேருக்கு ஒரு தொகுப்பு. இவை எல்லாம் சேர்ந்து 5,00,000. மீதி 2,00,000-ஐ எந்தத் தலைப்பிலும் போடாமல் வைத்திருக்கிறோம். அக்டோபரில் வாசிப்புச் சோதனையின் முடிவைப் பார்த்து, எங்கே குறைகிறதோ அங்கே போகும்.

கட்டணத்தைக் குறைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 900 பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு வருடத்துக்கு 800 ரூபாய்க்கும் குறைவாகத்தான் வருகிறது. அதே தொகை ஒன்றாக இருந்தால் ஓர் ஆசிரியரும் ஆறு வகுப்பு நூலகங்களும் ஆகிறது. நிர்வாகக் குழு இதை யோசித்தே இப்படி முடிவெடுத்தது. பேருந்துக் கட்டணத்தில் மிச்சமிருப்பதை இதில் சேர்க்கவில்லை. ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக வாங்கிய பணத்தை அதற்கு மட்டுமே செலவிட வேண்டும் என்று 176-ஆம் விதி சொல்கிறது. ஆகவே அது பேருந்துக் கணக்கிலேயே இருக்கும்.

பட்ஜெட்டின் முழுத் தாள், ஒவ்வொரு வரிக்கும் எதிரே முன்னுரிமையும் காரணமும் எழுதி, அலுவலகத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. பள்ளி நேரத்தில் யாரும் வந்து பார்க்கலாம். எடுத்திருக்கக் கூடாத ஒரு வரியை எடுத்துவிட்டோம் என்று தோன்றினால், அது இல்லாததால் எந்தப் பிள்ளைக்கு என்ன குறைகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஏப்ரல் மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை காலை 10 மணிக்குப் பெற்றோர் கூட்டத்தில் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்
புது தில்லி