பையர் சந்திப்பு ஸ்லாட்: போர்ட்டல் மூடும் முன் ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நிட்வேர் கண்காட்சியில் ஸ்டால் எடுத்திருக்கும் திருப்பூர் யூனிட்கள் பலவும் எங்கள் சாம்பிள், காஸ்டிங் பிரிவில் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: "பத்து பையருக்கு ரிக்வெஸ்ட் போட்டோம், இரண்டுதான் கன்ஃபர்ம் ஆனது, ஏன்?"

முதலில் கணக்கைப் பாருங்கள். ஒரு சந்திப்புக்கு 20 நிமிடம், இடையில் 5 நிமிடம் என்று வைத்தால் காலை 10 முதல் 1 வரை ஏழு, மதியம் 2 முதல் 5 வரை ஏழு. ஒரு பையருக்கு ஒரு நாளில் 14 ஸ்லாட்தான். 30 பையர் வந்தால் 420. தொண்ணூறு யூனிட்கள் ஆளுக்குப் பத்து கேட்டால் 900 ரிக்வெஸ்ட். சமமாகப் பங்கு போட்டாலே ஆளுக்கு நாலு, ஐந்துதான் வரும். ஆனால் பங்கு சமமாக இருப்பதில்லை. பெரிய ஆர்டர் தருவார் என்று பேர் வாங்கிய பையரிடம் எல்லோரும் போய் நிற்பார்கள். சின்னக் கடைச் சங்கிலிக்காக வாங்குபவரின் மதிய ஸ்லாட் காலியாகக் கிடக்கும். பல போர்ட்டல்கள் இரு பக்கமும் ஒருவரையொருவர் தேர்ந்தெடுத்த ஜோடிகளுக்கே முதலில் நேரம் ஒதுக்கும். அதனால் நீங்கள் கேட்பதைவிட, பையர் உங்களை டிக் செய்வதுதான் முக்கியம்.

அவர் டிக் செய்வது உங்கள் புரொஃபைலைப் பார்த்துத்தான், அதுவும் சில நொடிதான் பார்ப்பார். 60 மெஷின் வைத்துக் குழந்தைகள் டீ ஷர்ட் மட்டும் தைக்கும் யூனிட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். "ஆண், பெண், குழந்தை, எல்லா வகைப் பின்னலாடையும்" என்று எழுதினால் யாருக்கும் அது பொருந்தாது. தப்பித் தவறி ஸ்லாட் கிடைத்தாலும் எதிரே உட்காருபவர் ஆண்கள் போலோ கேட்பார். அதற்குப் பதில் இப்படி எழுதலாம்: "2 முதல் 10 வயது, 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, மாதம் இத்தனை பீஸ், நிறத்துக்குக் குறைந்தது 500, ஸ்டைலுக்கு 200."

அந்தக் கடைசி இரண்டு எண்ணைப் பலரும் குழப்பிக்கொள்கிறார்கள். குழந்தை டீ ஷர்ட் ஒன்றுக்குச் சுமார் 100 கிராம் துணி என்றால், 50 கிலோ சாய லாட்டில் 500 பீஸ் வரும். 200 பீஸ் கேட்கும் பையருக்காக 20 கிலோ மட்டும் சாயம் போட்டால் கிலோ விலை ஏறும், ஷேடும் பிசகலாம். ஆனால் ஒரே நிறத் துணியை இரண்டு மூன்று ஸ்டைலுக்குப் பிரித்து வெட்டினால் 50 கிலோவும் தீர்ந்துவிடும், சின்ன பையரும் கைவிட்டுப் போகமாட்டார். "குறைந்தபட்ச ஆர்டர் 500" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர் உங்களைத் தாண்டிப் போயிருப்பார். சான்றிதழ் பெட்டியில் செல்லுபடியில் இருப்பதை மட்டும் டிக் செய்யுங்கள்; ஆர்கானிக் என்று டிக் செய்துவிட்டு மேசையில் காலாவதியான தாளை எடுத்தால் சந்திப்பு அங்கேயே முடிந்தது.

நேரம் ஒதுக்கும்போது அடுத்தடுத்த ஸ்லாட் மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். முதல் சந்திப்பு பத்து நிமிடம் இழுத்தால் நடுவில் உள்ள 5 நிமிடம் அதைத் தாங்காது. அந்தத் தாமதம் மதியம் வரை சங்கிலியாக ஓடும். ஸ்டாலில் ஒருவர், மேசையில் ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். மேசைக்குப் போகிறவர் விலை முடிவு செய்யக்கூடியவராக இருக்கட்டும். "முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலுக்காக யாரும் 20 நிமிடம் ஒதுக்குவதில்லை.

மேசையில் ஐந்தாறு சாம்பிள் போதும். ஒவ்வொன்றிலும் ஸ்டைல் எண், ஜிஎஸ்எம், நூல் கவுண்ட் எழுதிய ஹேங்டேக் இருக்கட்டும். பையர் அதைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டு போவார். டேக் இல்லாத சாம்பிள் ஊர் போனதும் யாருடையது என்று அவருக்கே தெரியாது. விலை கேட்டால் ஒற்றை எண் சொல்லாதீர்கள். 500, 1,500, 5,000 பீஸுக்கு எஃப்ஓபி தூத்துக்குடி மூன்று விலை, பிரிண்டும் பேக்கிங்கும் சேர்ந்ததா இல்லையா என்ற குறிப்போடு. கடைசி மூன்று நிமிடத்தைப் பேச்சுக்குச் செலவழிக்காமல், எந்த ஸ்டைல், எந்த அளவு, என்றைக்குள் சாம்பிள் அனுப்ப வேண்டும் என்பதை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

வர முடியாவிட்டால் முந்தைய நாளே போர்ட்டலில் ரத்து செய்யுங்கள், காத்திருப்புப் பட்டியலில் உள்ளவருக்கு அது போய்ச் சேரும். சொல்லாமல் வராதவரின் மீதி ஸ்லாட்களையும் சில அமைப்பாளர்கள் எடுத்துவிடுகிறார்கள்.

புரொஃபைலை ஏற்றும் முன் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கூடவே சாய லாட் அளவையும் ஒரு பீஸின் துணி எடையையும் எழுதினால், நிறத்துக்கும் ஸ்டைலுக்கும் எத்தனை பீஸ் என்று போட்டுத் திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
சாம்பிள், காஸ்டிங் பிரிவு