இரண்டாம் மாடிச் சுவருக்குத் தரை ஓதமா? கட்டட ஆய்வு அறிக்கை குறித்துப் புகார்

பெறுநர்:
மேலாளர், கட்டட ஆய்வுப் பிரிவு

பொருள்: நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தை ஆய்வு செய்து தாங்கள் தந்த அறிக்கையைத் திருத்தித் தரக் கோருதல்.

ஐயா,

வணக்கம். நாங்கள் அலுவலகம் நடத்தும் கட்டடத்தின் முதல் மாடியையும் இரண்டாம் மாடியையும் பார்த்து, என்னென்ன பழுது, எதை எப்படிச் சரிசெய்வது என்று எழுதித் தரும்படி உங்களிடம் கேட்டிருந்தோம். அறிக்கை வந்தது. கனமான தாள், அழகான அட்டை, வண்ணப் படங்கள். அதை அப்படியே கட்டட உரிமையாளருக்கு அனுப்பினோம். "இது எல்லாமே புட்டி, பெயின்ட் வேலைதானே, வாடகைதாரர் பார்த்துக்கொள்ள வேண்டியது" என்று ஒரே வரியில் அவர் பதில் அனுப்பிவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் அறிக்கையைப் படிக்கும் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். என் புகாரே அதுதான்.

நான் முன்பு பார்த்த வேலை கட்டடப் பராமரிப்புப் பிரிவில். அந்தப் பழக்கத்தில் அறிக்கையை எடுத்துக்கொண்டு அறை அறையாக ஒப்பிட்டுப் பார்த்தேன்.

முதலில் படங்கள். 'படம் 11-ஐப் பார்க்கவும், உத்தரத்தின் அடியில் விரிசல்' என்று எழுதியிருக்கிறீர்கள். படம் 11-இல் இருப்பது கழிவறைக் கதவு. உத்தரத்தின் படம் 14 என்ற எண்ணில் வருகிறது. அதே 14 ஜன்னல் படத்துக்கும் போடப்பட்டிருக்கிறது. படம் 7 இன்னும் விசேஷம். அதில் மரச்சட்டம் போட்ட ஜன்னல் தெரிகிறது. எங்கள் இரண்டு மாடியிலும் மர ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது, எல்லாமே நகர்த்தித் திறக்கும் அலுமினிய ஜன்னல்கள். அது யாருடைய கட்டடமோ! அவர்களுடைய அறிக்கையில் எங்கள் அலுமினிய ஜன்னல் போயிருந்தால் அவர்களும் இப்போது குழம்பிக்கொண்டிருப்பார்கள்.

எண் மாறிவிட்டது என்பதை மட்டும் என்றால் தொலைபேசியில் சொல்லி முடித்திருப்பேன். பெரிய குறை, எந்தப் படம் எங்கே எடுத்தது என்று காட்டும் தள வரைபடம் அறிக்கையில் இல்லை. விரிசலின் படத்தில் அகலத்தை ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அளவுகோலோ விரிசல் அளக்கும் அட்டையோ வைக்கவில்லை. கிட்டத்தில் எடுத்த படம் மட்டும் இருக்கிறது. சற்றுத் தள்ளி நின்று, அது எந்த உத்தரம், எந்தச் சுவரை ஒட்டியது என்று தெரியும்படி எடுத்த படம் இல்லை. வரைபடம் ஒன்று இருந்திருந்தால், நான் கீழே சொல்லப்போகும் இரண்டு பழுதுகளும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருப்பது உங்கள் கண்ணிலேயே பட்டிருக்கும்.

முதல் பழுது, இரண்டாம் மாடியில் கோப்பு அறையின் உட்சுவர். அடிப்பக்கம் முழங்கால் உயரத்துக்குப் பெயின்ட் உப்பி, உரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இதற்கு நீங்கள் எழுதிய காரணம் 'தரையிலிருந்து ஏறும் ஓதம்'. பரிந்துரை, சுவரின் அடியில் துளையிட்டு ரசாயனம் செலுத்தி ஓதத் தடுப்பு ஏற்படுத்துவது.

ஐயா, தரை ஓதம் என்பது மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல், காரை இவற்றின் நுண்துளைகள் வழியாக மேலே ஏறுவது. பெரும்பாலும் சுமார் ஒரு மீட்டர் உயரம் வரை வரும், அதற்கு மேல் ஏறுவது அரிது. இந்தச் சுவர் இருப்பது இரண்டாம் மாடியில். அதற்குக் கீழே மண் இல்லை, முதல் மாடியின் கூரைத் தளம்தான் இருக்கிறது. கீழ்த்தளச் சுவருக்கு எழுதி வைத்திருந்த பத்தியை அப்படியே எடுத்து இங்கே ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சுவரின் மறுபக்கம் கழிவறை. மழையே இல்லாத மாதங்களிலும் கறை காயவில்லை, அகலமாகிக்கொண்டுதான் இருக்கிறது. எனவே வெளியிலிருந்து வரும் மழைநீர் என்றும் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது குடிநீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், டைல்ஸ் இணைப்பு வழியாகத் தரைக்குள் இறங்கும் தண்ணீர் ஆகிய மூன்றுதான். எது என்று கண்டுபிடிக்க மாயமந்திரம் வேண்டாம். எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தொட்டிக்கும் தண்ணீர் ஏறாத நேரத்தில் மீட்டரைப் பார்த்தால், முள் நகர்ந்தால் அழுத்தத்தில் இருக்கும் குழாயில் கசிவு. நகரவில்லை என்றால் கழிவறைத் தரையின் வடிகால் வாயை அடைத்து, விரல் கணு அளவுக்கு நிறம் கலந்த தண்ணீரைக் கட்டி ஒரு நாள் விட வேண்டும். நிறம் கீழேயோ பக்கத்துச் சுவரிலோ வந்தால் தரை கசிகிறது. வராவிட்டால் அடைப்பை எடுத்து அந்தத் தண்ணீரை வடிகால் வழியாக விட்டுப் பார்க்க வேண்டும், அப்போது வந்தால் கழிவுநீர்க் குழாய். இவற்றில் எதையும் உங்கள் ஆய்வாளர் செய்யவில்லை. செய்யவில்லை என்று அறிக்கையில் எழுதவும் இல்லை. 'கண்ணால் மட்டும் பார்த்தோம், குழாய்களைச் சோதிக்கவில்லை' என்று ஒரு வரி இருந்தால்கூட நான் நம்பிக்கையோடு வேறு ஆளை வைத்துச் சோதித்திருப்பேன்.

இரண்டாவது பழுதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்வது. அந்தக் கழிவறைச் சுவருக்கு நேர் கீழே, முதல் மாடிக் கூடத்தில் ஓர் உத்தரம் போகிறது. அதன் அடிப்பக்கத்தில், உத்தரத்தின் நீளவாக்கிலேயே, ஒரு விரிசல் ஓடுகிறது. அதன் ஓரமெல்லாம் பழுப்பு நிறக் கறை. ஓரிடத்தில் உள்ளங்கை அளவுக்குக் காரை கழன்று விழுந்து, உள்ளே செதில் செதிலாகத் துரு பிடித்த கம்பி தெரிகிறது. பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட ஸ்க்ரூட்ரைவரின் பின்பக்கத்தால் அடுத்துள்ள இடங்களைத் தட்டிப் பார்த்தேன். நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். இங்கே விரிசலின் இரு பக்கமும் ஒரு சாண் தூரத்துக்குப் பொத் பொத் என்றுதான் கேட்டது. அதாவது பார்க்க முழுசாக இருக்கும் பகுதியும் உள்ளே விட்டுப்போயிருக்கிறது.

இதைப் பற்றி உங்கள் அறிக்கை: 'பூச்சில் சிறு விரிசல். புட்டி அடைத்து வண்ணம் பூசவும். முன்னுரிமை: குறைவு.'

விரிசல் போகும் திசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும். பூச்சு காய்ந்து சுருங்குவதால் வருவது மயிரிழையாக, வலைபோல, திசை இல்லாமல் ஓடும். பூச்சைக் கொத்தி எடுத்தால் கான்கிரீட்டில் அது தொடராது. பாரம் தாங்காமல் வளைவதால் வருவது உத்தரத்தின் நடுப்பகுதியில் அடியிலிருந்து மேல்நோக்கிக் குறுக்காகப் போகும். கம்பியின் போக்கிலேயே நீளமாக, துருக்கறையோடு வருவது கம்பி துருப்பிடிப்பதால். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்து பிளக்கிறது. அதன் மேல் புட்டி அடித்தால் துரு நிற்காது, நம் கண்ணுக்குத் தெரியாமல் போகும், அவ்வளவுதான். ஒருநாள் பாளமாக விழும்போதுதான் தெரியும். அந்த உத்தரத்தின் அடியில்தான் ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கம்பியைச் சுற்றியுள்ள கான்கிரீட் காரத்தன்மையோடு இருக்கும்வரை துரு எளிதில் பிடிக்காது. காற்றில் உள்ள கரியமில வாயு உள்ளே போகப் போக அந்தக் காரம் குறையும். புதிதாக உடைத்த பரப்பில் பினால்ஃப்தலீன் கரைசலைத் தெளித்தால், காரம் உள்ள பகுதி இளஞ்சிவப்பாகும், போன பகுதி நிறம் மாறாது. கம்பி வரைக்கும் நிறம் மாறவில்லை என்றால் பாதுகாப்பு போய்விட்டது என்று அர்த்தம். மலிவான சோதனை, சில நிமிட வேலை. இதோடு கம்பியின் மேல் எவ்வளவு கான்கிரீட் மூடியிருக்கிறது, துரு தின்றது போகக் கம்பியின் குறுக்களவு எவ்வளவு மிச்சம் என்று அளந்திருந்தால், எங்களுக்கு ஒரு முடிவு கிடைத்திருக்கும்.

மேலிருந்து இறங்கும் கழிவறைத் தண்ணீர்தான் இந்த உத்தரத்தை நனைத்துத் துருவை வேகப்படுத்துகிறது என்பது என் சந்தேகம். சோதித்துப் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும். ஆனால் சந்தேகம் எழுவதற்குக்கூட இடமில்லாமல், சுவரை 6-ஆம் பக்கத்திலும் உத்தரத்தை 11-ஆம் பக்கத்திலும் சம்பந்தமே இல்லாத இரண்டு விஷயங்களாக எழுதி வைத்திருக்கிறீர்கள். கசிவை நிறுத்தாமல் உத்தரத்தை மட்டும் சரிசெய்தால் அது திரும்ப வரும். வரிசையும் முக்கியம்: முதலில் முட்டுக் கொடுப்பது, அப்புறம் கசிவை அடைப்பது, அதன் பிறகு கழன்ற கான்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுத்தமாகத் தேய்த்து, தேவையானால் கூடுதல் கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த காரையால் நிரப்பி, ஈரம் காயாமல் பதப்படுத்துவது. கூடுதல் கம்பி வேண்டுமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், மேஸ்திரி அல்ல.

இப்போது யார் செலவு என்பதற்கு வருகிறேன். எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் உட்புற வண்ணப்பூச்சும் சில்லறைப் பழுதும் எங்கள் பொறுப்பு. உத்தரம், தளம், சுவருக்குள் போகும் குழாய் எல்லாம் உரிமையாளர் பொறுப்பு. 'புட்டி' என்ற உங்கள் பரிந்துரை ஒன்றே உத்தரத்தின் பழுதை அவர் கணக்கிலிருந்து எடுத்து எங்கள் கணக்கில் வைத்துவிட்டது. ஜன்னல் ரப்பர், படிக்கட்டுக் கைப்பிடி போன்ற மற்ற குறிப்புகளில் எனக்குச் சண்டை இல்லை, அவை சரியாகத்தான் இருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது இது. முதலாவதாக, உத்தரம் அவசரமாகக் கவனிக்க வேண்டிய பழுது என்றும் 'முன்னுரிமை: குறைவு' என்பது திரும்பப் பெறப்படுகிறது என்றும் உங்கள் கடிதத்தாளில் இரண்டு நாளுக்குள் எழுதித் தாருங்கள். உரிமையாளரிடம் காட்ட எனக்கு உடனே வேண்டியது அதுதான். அடுத்து, கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரை அனுப்பி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து, கட்டணம் கேட்காமல் அறிக்கையைத் திருத்துங்கள். திருத்திய அறிக்கையில் ஒவ்வொரு குறிப்புக்கும் இடம், பார்த்தது, காரணம், அந்தக் காரணத்துக்கான ஆதாரம், சோதிக்காமல் விட்டது ஆகியவை தனித்தனியாக இருக்கட்டும். படங்கள் வரைபடத்தில் எண்ணோடு குறிக்கப்படட்டும். எங்கள் கட்டடத்தில் எடுக்காத படம் 7-ஐ நீக்கிவிடுங்கள். இது முடியாது என்றால் செலுத்திய கட்டணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள், நாங்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்.

உத்தரத்துக்கு அடியில் இருந்த மேசைகளை நகர்த்தி, அந்தப் பகுதியைக் கயிறு கட்டி மூடி வைத்திருக்கிறோம். உங்கள் ஆட்கள் வரும்வரை அங்கே எதையும் கொத்தவோ பூசவோ மாட்டோம். அலுவலக நேரத்தில் எப்போது வந்தாலும் கோப்பு அறையும் கழிவறையும் திறந்திருக்கும். தண்ணீர் நிறுத்த வேண்டுமானால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாடகைதாரர், முதல் மற்றும் இரண்டாம் மாடி

இணைப்பு: தாங்கள் தந்த அறிக்கையின் 6, 11-ஆம் பக்கங்களின் நகல், இரண்டு மாடிகளிலும் பழுதுள்ள இடங்களைக் குறித்து நான் கையால் வரைந்த தள வரைபடம், அளவுகோல் வைத்து எடுத்த உத்தரத்தின் படங்கள்.