சட்டைப் பை அனுப்பிய ரூபாய்க் குறிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பழைய வண்ணாரப்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண் பதறிக்கொண்டு வந்தார். காசிமேட்டில் மீன் ஏலத்துக்குப் போயிருந்த அப்பாவிடமிருந்து விடியற்காலையில் வந்த செய்தி இது:

```
ddddffddr
₹₹₹__₹₹_4
```

"அண்ணா, அப்பாவை யாரோ பிடித்து வைத்துக்கொண்டு 4 லட்சம் கேட்கிறார்களோ என்று பயந்துவிட்டேன். போன் ஹேக் ஆகியிருக்கிறதா, பாருங்கள்" என்றார்.

அப்பாவின் போனையும் கொண்டுவந்திருந்தார். அதில் இருந்தது ஆண்ட்ராய்டில் வழக்கமாக வரும் கூகுள் விசைப்பலகை. d, f, r மூன்றும் அக்கம்பக்கத்து எழுத்துகள். இடது கீழ் மூலையில் உள்ள `?123` மேல் ஏதாவது பட்டால் குறியீட்டுப் பக்கம் திறக்கும். அந்தப் பக்கத்தில் d இருந்த இடத்தில் ₹, _ இரண்டும் நிற்கின்றன. R இருந்த இடத்தில் 4. ஆக, இரண்டு வரியிலும் பட்டது ஒரே இடம். பலகைதான் நடுவில் மாறியிருக்கிறது.

நான் முதலில் பார்ப்பது இதைத்தான். வந்த எழுத்துகளைப் பலகையில் விரலால் தொட்டுப் பாருங்கள். எல்லாம் ஒரே மூலையில் சுருண்டு கிடந்தால் அது சட்டைப் பையில் கிடந்த போன் தானாக அடித்தது. செய்தியில் ஒழுங்கான இணைப்போ, முழு போன் எண்ணோ இருந்தால் அது வேறு கதை. சட்டைப் பை அதையெல்லாம் அடிக்காது. ஆனால் ஒன்று, பலகைக்கு மேலே வரும் பரிந்துரைச் சொற்களில் பட்டுவிட்டால் முழுச் சொற்களே போய்விடும். அப்போது இந்தச் சோதனை கைகொடுக்காது, போன் பண்ணிக் கேட்டுவிட வேண்டியதுதான்.

தொடுதிரை அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, உடம்பின் மின்தன்மையைத்தான் உணர்கிறது. தடித்த உலர்ந்த துணி அதைத் தடுக்கும். வியர்வையும் உப்புத்தண்ணீரும் ஊறி மார்போடு ஒட்டிய மெல்லிய சட்டை தடுக்காது. பெரியவர் சாட் பக்கத்தைத் திறந்தபடியே போனைப் பையில் போட்டிருக்கிறார். '30 நொடியில் தானாக அணைந்துவிடுமே' என்பார்கள். அணையாது. ஒவ்வொரு தொடுதலையும் போன், யாரோ பயன்படுத்துவதாகவே எடுத்துக்கொள்ளும். நொடிக்கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

பையில் போடும் முன் பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பூட்டச் சொன்னேன். இருமுறை தட்டினால் திரை விழிக்கும் வசதியையும் அணைத்துக் கொடுத்தேன். மறுநாள் பெரியவரே கடைக்கு வந்தார்.

"தம்பி, கூடை கையில இருக்கும்போது பட்டனை எப்படி அழுத்துறது?"

சரி, திரை வெளிப்பக்கம் பார்க்கிற மாதிரியாவது போடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.