‘கட்டணமில்லை’ பலகையும் ஐந்து வெள்ளியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நின்றேன். அந்தக் கடையில் கட்டணம் 5 வெள்ளி, ஒரு வெள்ளிக்கு 66.40 ரூபாய். எதிர்க்கடையில் ‘கட்டணமில்லை’ என்று பெரிய பலகை, ஆனால் 65.60 ரூபாய்தான். பலகையைப் பார்த்ததும் என் பின்னால் நின்ற பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள்.

அவர்களில் சிலருக்கு அது லாபம்தான். 300 வெள்ளி கொண்டுபோனால் கட்டணமில்லாத கடையில் 19,680 ரூபாய் சேரும். இந்தக் கடையில் 5 வெள்ளி போக 295தான் மாறும், அதற்கு 19,588 ரூபாய். ஆனால் 2,000 வெள்ளி கொண்டுபோனவருக்கு அங்கே 1,31,200 ரூபாய், இங்கே 1,32,468. இலவசம் என்று போனவர் 1,268 ரூபாயை விட்டுவிட்டு வருகிறார். அந்தக் கடையும் சும்மா அனுப்பவில்லை, கட்டணத்தை விகிதத்துக்குள் வைத்துவிட்டது.

எந்தத் தொகையில் இது மாறுகிறது? 5 வெள்ளிக் கட்டணம் என்பது 332 ரூபாய். இங்கே வெள்ளிக்கு 80 பைசா கூடுதலாகக் கிடைக்கிறது. 332ஐ 0.80ஆல் வகுத்தால் 415. கையில் இருப்பது 415 வெள்ளிக்குக் குறைவென்றால் எதிர்க்கடை, அதிகமென்றால் இந்தக் கடை. விகிதம் தினமும் மாறும் என்பதால் 415ஐ மனப்பாடம் செய்து பயனில்லை, அன்றன்றைக்கு வகுத்துப் பார்க்க வேண்டியதுதான். கட்டணம் ஒவ்வொரு தடவைக்கும் என்பதால், அவசரமில்லாத பணத்தை மாதாமாதம் 300 என்று அனுப்பாமல் மூன்று மாதம் சேர்த்து 900ஆக அனுப்பினால் 10 வெள்ளி மிச்சம்.

இன்னொன்று, என் அறைத்தோழருக்கு நடந்தது. மகளின் கல்லூரிக்குச் சரியாக ஒரு லட்சம் போய்ச் சேர வேண்டும். லட்சத்தை 66.40ஆல் வகுத்தார், 1,506 வெள்ளி 2 காசுக்குக் கொஞ்சம் மேல் வந்தது, 3 காசாக வைத்துக்கொண்டார். அதை அப்படியே கொடுத்தார். கடைக்காரர் அதிலிருந்தே 5 வெள்ளியை எடுத்துக்கொண்டு மீதியை மாற்றினார். ஊரில் 332 ரூபாய் குறைந்தது, கல்லூரியில் பணத்தைக் கட்ட முடியவில்லை. வகுத்த பிறகு கட்டணத்தைக் கூட்டி 1,511 வெள்ளி 3 காசு கொடுத்திருக்க வேண்டும். “அஞ்சு வெள்ளிதானேண்ணே” என்றார் என்னிடம். ரூபாய்த் தொகையில் வெறும் ஐந்தைக் கழித்துப் பார்ப்பவர்களும் எங்கள் விடுதியில் உண்டு!

ஒரு வேண்டுகோள். நாணய மாற்று விகிதத்தை வெளியிடும்போது, 300 வெள்ளிக்கும் 2,000 வெள்ளிக்கும் கட்டணம் போக ஊரில் எத்தனை ரூபாய் கைக்கு வரும் என்று நாலைந்து கடைகளில் கேட்டுப் போட முடியுமா? ஞாயிறு காலைப் பதிப்பில் வந்தால் போதும், நாங்கள் மத்தியானம்தான் அந்தப் பக்கம் போவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஜூரோங், சிங்கப்பூர்